கன்டிகுவஸா, லிங்க்டா, இன்டெக்ஸ்டா: ஒரு 1 ஜிபி ஃபைலை வச்சே முடிவு பண்ணலாம்

ஃபைல் அலொகேஷன், அதாவது ஒரு ஃபைலோட டேட்டாவை டிஸ்க்ல எந்தெந்த பிளாக்ல வைக்கறதுன்னு படிக்கும்போது மூணு டேபிள் போட்டு, அட்வான்டேஜ் இது டிஸ்அட்வான்டேஜ் இதுன்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடுறோம், ஆனா ஒரு டேட்டா லாகர் கட்டும்போதோ ஒரு ரெக்கார்டர்ல ஃபைல் எழுதும்போதோ உண்மையிலேயே இதுல ஒண்ண தேர்ந்தெடுக்க வேண்டி வருது, அப்ப அந்த டேபிள் ஒண்ணும் கைகொடுக்காது. எண்களை போட்டு பார்த்தா தான் எது எங்க அடிவாங்குதுன்னு தெரியும். அதனால ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்குவோம். 1 ஜிபி வீடியோ, டிஸ்க்ல ஒரு பிளாக் 4 கேபி. அப்போ அந்த ஃபைலுக்கு 2,62,144 பிளாக் வேணும். இப்ப யாரோ பிளேயர்ல நடுவுல இழுத்து 500 எம்பி தாண்டின இடத்துல விட்டாங்க. அது ஃபைலோட 1,28,000-ஆவது பிளாக். அந்த பிளாக் டிஸ்க்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க என்ன செலவாகுது, இதுதான் முதல் கேள்வி.

கன்டிகுவஸ்ல, அதாவது ஃபைலோட பிளாக் எல்லாம் அடுத்தடுத்து இருக்கற முறையில, பதில் ரொம்ப சிம்பிள். டைரக்டரில ஆரம்ப பிளாக் நம்பரும் நீளமும் மட்டும் இருக்கும். ஆரம்பம் 9,000-னா, 9,000 கூட 1,28,000 கூட்டி 1,37,000-ஆவது பிளாக்கை படி, முடிஞ்சது. ஒரே ஒரு ரீட். வரிசையா படிச்சாலும் ஹார்ட்டிஸ்க்ல ஹெட் அங்கயும் இங்கயும் ஓட வேண்டியதில்ல. வேகத்துல இதை எதுவும் அடிச்சுக்க முடியாது, இது இன்னைக்கும் உண்மை.

பிரச்சனை எழுதும்போது தான். டிஸ்க்ல மொத்தமா 3 ஜிபி காலியா இருக்கு, ஆனா அது பழைய ஃபைல்களை அழிச்சு அழிச்சு வந்த ஓட்டைகளா சிதறி கிடக்கு, இருக்கறதுலயே பெரிய ஓட்டை 700 எம்பி தான்னு வைங்க. நம்ம 1 ஜிபி ஃபைலுக்கு இடம் இல்ல. தியேட்டர்ல நாப்பது சீட் காலியா இருந்தும் ஒரே வரிசையில பத்து பேர் சேர்ந்து உக்கார முடியாத மாதிரி தான். இதைத்தான் எக்ஸ்டர்னல் ஃபிராக்மென்டேஷன்னு சொல்றோம். இதுக்கு வழி எல்லா ஃபைலையும் ஒரு பக்கமா தள்ளி காலி இடத்தை ஒண்ணா சேக்கறது, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனோட ஆர்டி-11 ஆபரேட்டிங் சிஸ்டம்ல இதுக்குன்னே `SQUEEZE`-னு ஒரு கமாண்ட் இருந்துச்சு, ஏன்னா அதுல ஃபைல் எல்லாமே கன்டிகுவஸ் தான். சின்ன டிஸ்க்ல ஓகே. டெராபைட் கணக்குல இருக்கற டிஸ்க்ல அதை ஓட்டறத நினைச்சு பாருங்க.

அதை விட மோசமானது ஃபைல் வளர்றது. ஃபைலுக்கு பின்னாடி இருக்கற பிளாக்ல இன்னொரு ஃபைல் உக்காந்துடுச்சுன்னா, ஒரு பைட் கூட சேக்க முடியாது, மொத்த ஃபைலையும் வேற பெரிய இடத்துக்கு காப்பி பண்ணணும். முன்கூட்டியே நிறைய இடம் ஒதுக்கிட்டா அது சும்மா கிடந்து வீணாகும். ஆக கன்டிகுவஸ் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான்: ஃபைல் எழுத ஆரம்பிக்கும்போதே அதோட கடைசி சைஸ் உனக்கு தெரியுமா? தெரியும்னா இதை விட நல்லது இல்ல. சிடியில அதான் நடந்துச்சு. ஐஎஸ்ஓ 9660, 1988-ல வந்த ஸ்டாண்டர்ட், ஒரு தடவ எழுதினா எழுதினது தான், எல்லா ஃபைலோட சைஸும் பர்ன் பண்றதுக்கு முன்னாடியே தெரியும், அதனால ஃபைலை அப்படியே நீளமா வரிசையா வச்சுட்டாங்க. சிடி டிரைவ்ல ஹெட் நகர்றது ரொம்ப மெதுவா நடக்கும், அதனால அந்த முடிவு அங்க கச்சிதமா பொருந்துச்சு.

இப்ப லிங்க்ட். இதுல சைஸ் தெரியவே வேண்டாம். ஒவ்வொரு பிளாக்கும் டிஸ்க்ல எங்க வேணா இருக்கலாம், ஒவ்வொரு பிளாக்லயும் அடுத்த பிளாக்கோட நம்பர் இருக்கும். ஃபைல் வளரணுமா, ஏதோ ஒரு காலி பிளாக்கை எடுத்து கடைசில கோத்துடு. எக்ஸ்டர்னல் ஃபிராக்மென்டேஷன் அப்டிங்கற பேச்சுக்கே இடமில்ல. ஆனா நம்ம கேள்விய இதுகிட்ட கேட்டு பாருங்க. 1,28,000-ஆவது பிளாக் எங்க? தெரியாது, முதல் பிளாக்ல இருந்து ஒவ்வொண்ணா படிச்சுட்டே வரணும். 7,200 ஆர்பிஎம் ஹார்ட்டிஸ்க்ல பிளாக் எல்லாம் சிதறி இருந்தா ஒரு ரீடுக்கு சீக், சுத்தறது எல்லாம் சேர்த்து 12 மில்லி செகண்ட்னு வைக்கலாம், 1,28,000-ஐ 12 மில்லி செகண்டால பெருக்குங்க, 1,536 செகண்ட், கிட்டத்தட்ட இருபத்தஞ்சு நிமிஷம். வீடியோவ நடுவுல இழுத்ததுக்கு. எஸ்எஸ்டி-ல சீக் கிடையாதேன்னு கேக்கலாம், ஒரு ரீடுக்கு 0.1 மில்லி செகண்ட்னு போட்டாலும் பன்னெண்டு பதிமூணு செகண்ட் ஆகுது, ஏன்னா அடுத்த பிளாக் எதுன்னு தெரியணும்னா இந்த பிளாக் வந்து சேர்ந்தே ஆகணும், அதனால பத்து ரீடை ஒரே நேரத்துல அனுப்பி வேகப்படுத்தவும் வழியில்ல. இதை விட முக்கியமா, நடுவுல ஒரே ஒரு பிளாக் கெட்டுப்போனா அதுக்கு அப்புறம் இருக்கற மொத்த ஃபைலுக்கும் வழி தொலைஞ்சு போச்சு.

அதனால தான் சுத்தமான லிங்க்ட் முறைய விட்டுட்டு, அந்த பாயின்டர்கள மட்டும் டேட்டா பிளாக்ல இருந்து பிடுங்கி ஒரே இடத்துல டேபிளா வச்சாங்க. அதான் ஃபேட், 1977-ல மைக்ரோசாஃப்ட்ல மார்க் மெக்டொனால்ட் எழுதினது, இன்னைக்கும் உங்க பென்டிரைவ்ல இருக்கு. (ஃபேட்ல பிளாக்கை கிளஸ்டர்னு சொல்வாங்க.) சங்கிலி அதே சங்கிலி தான், 1,28,000 தடவ தாவணும்ங்கறதும் மாறல, ஆனா தாவறது டேபிளுக்குள்ள. ஃபேட் 32-ல ஒரு என்ட்ரிக்கு 4 பைட், 1,28,000 என்ட்ரின்னா 500 கேபி தான், டேபிள் மெமரில இருந்தா கண் மூடி திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். நம்ம 1 ஜிபி ஃபைலோட மொத்த சங்கிலியும் 1 எம்பி. கம்ப்யூட்டர்ல இது பெரிய விஷயமே இல்ல. ஆனா 64 கேபி ரேம் வச்ச ஒரு மைக்ரோகன்ட்ரோலர்ல அந்த 1 எம்பியும் கார்டுல இருந்து துண்டு துண்டா தான் வரணும், அங்க தான் ஆட்டம் மாறுது, அதுக்கு பின்னாடி வரேன்.

ஃபேட்ல என்ன கெட்டுப்போகும், எப்படி தெரியும்னும் சொல்லணும். எழுதிட்டு இருக்கும்போது கரன்ட் போச்சுன்னா, டேபிள்ல சங்கிலி நீண்டிருக்கும், ஆனா டைரக்டரில ஃபைல் சைஸ் அப்டேட் ஆகியிருக்காது. கார்டை கம்ப்யூட்டர்ல போட்டா ஃபைல் 0 பைட்டுன்னு காட்டும், ஆனா கார்டுல இடம் மட்டும் குறைஞ்சிருக்கும். இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா லாஸ்ட் கிளஸ்டர், அதாவது எந்த ஃபைலோடயும் சேராம தொலைஞ்ச கிளஸ்டர் தான், சந்தேகமே வேண்டாம். `chkdsk /f` ஓட்டினா அந்த அனாதை சங்கிலிகள எடுத்து `FILE0000.CHK` மாதிரி பேர்ல தரும், பல சமயம் உங்க டேட்டா அதுக்குள்ள முழுசாவே இருக்கும். ஃபைலை அழிச்சாலோ கதை வேற. டைரக்டரில ஆரம்ப கிளஸ்டரும் சைஸும் பெரும்பாலும் மிஞ்சும், டேபிள்ல சங்கிலி மொத்தமும் பூஜ்யமாயிடும். அதனால ரெக்கவரி சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னா, ஃபைல் வரிசையா தான் இருந்திருக்கும்னு நம்பி அந்த இடத்துல இருந்து சைஸ் அளவுக்கு அப்படியே எடுத்து தருது. போட்டோ பாதி சரியா வந்து மீதி வேற போட்டோவா வந்தா, அந்த ஃபைல் சிதறி இருந்துச்சுன்னு அர்த்தம்.

மூணாவது இன்டெக்ஸ்ட். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதோட பிளாக் நம்பர் எல்லாத்தையும் வரிசையா வச்ச ஒரு தனி இன்டெக்ஸ். எத்தனாவது பிளாக் வேணுமோ இன்டெக்ஸ்ல அத்தனாவது என்ட்ரிய பார்த்தா போதும், தாவல் கிடையாது. ஆனா சின்ன ஃபைல் பெரிய ஃபைல் ரெண்டுக்கும் ஒரே இன்டெக்ஸ் எப்படி பொருந்தும்? 1 கேபி ஃபைலுக்கு ஒரு முழு இன்டெக்ஸ் பிளாக் குடுத்தா டேட்டாவுக்கு ஒரு 4 கேபி, இன்டெக்ஸுக்கு ஒரு 4 கேபி, அநியாயம். 1 ஜிபி ஃபைலுக்கு ஒரு இன்டெக்ஸ் பிளாக் பத்தவே பத்தாது, அதுல 1,024 நம்பர் தான் கொள்ளும், 4 எம்பியோட முடிஞ்சுடும்.

யூனிக்ஸ் ஆளுங்க இதுக்கு குடுத்த பதில் ரொம்ப அழகானது, லினக்ஸோட ஈஎக்ஸ்டி 2-ல அதை அப்படியே பார்க்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதோட விவரத்தை வச்சிருக்கற ஐநோடுல 15 நம்பர். முதல் 12 நேரா டேட்டா பிளாக்கை காட்டும், ஆக 48 கேபி வரைக்கும் தனி இன்டெக்ஸ் பிளாக்கே வேண்டாம், பெரும்பாலான சின்ன ஃபைல் இங்கயே அடங்கிடும். 13-ஆவது ஒரு இன்டெக்ஸ் பிளாக்கை காட்டும், 14-ஆவது இன்டெக்ஸ்களோட இன்டெக்ஸ், 15-ஆவது இன்னும் ஒரு படி மேல. இப்ப நம்ம 1,28,000-ஐ போடுங்க. முதல் 12-ஐயும் அடுத்த 1,024-ஐயும் கழிச்சா 1,26,964 வரும், அதனால அந்த 14-ஆவது நம்பர் வழியா, அதாவது டபுள் இன்டைரக்ட்ல போகணும். 1,024-ஆல வகுத்தா ஈவு 123, மீதி 1,012. டபுள் பிளாக்கை படிச்சு 123-ஆவது என்ட்ரி, அது காட்டற பிளாக்கை படிச்சு 1,012-ஆவது என்ட்ரி (பூஜ்யத்துல இருந்து எண்ணணும்), அது காட்டறது தான் டேட்டா. ஐநோட் மெமரில இருக்குன்னா மொத்தம் மூணு ரீட். இருபத்தஞ்சு நிமிஷத்தோட ஒப்பிட்டு பாருங்க.

இடத்துக்கு எவ்வளவு செலவாச்சு? நம்ம ஃபைலுக்கு இன்டெக்ஸ் பிளாக் மட்டும் 257, கிட்டத்தட்ட 1 எம்பி. ஃபேட் சங்கிலிக்கும் அதே 1 எம்பி தான் ஆச்சு! ஆக இன்டெக்ஸ் நிறைய இடத்தை தின்னும்னு சொல்றது பெரிய ஃபைலுக்கு அவ்ளோ சரியில்ல. உண்மையான வித்தியாசம் வேற: ஃபேட்ல எல்லா ஃபைலோட சங்கிலியும் ஒரே டேபிள்ல கலந்து கிடக்கு, டிஸ்க் பெருசானா டேபிளும் பெருசாகும், நீங்க ஒரு ஃபைல் தான் திறந்தாலும் அந்த கூட்டத்துக்குள்ள தான் தேடணும். இன்டெக்ஸ்ட்ல திறந்த ஃபைலோட இன்டெக்ஸ் மட்டும் மெமரிக்கு வந்தா போதும், அதுலயும் தேவையான பிளாக் மட்டும். டிஸ்க் 1 டிபியா இருந்தாலும் 10 டிபியா இருந்தாலும் அந்த மூணு ரீட் மாறாது.

இதுக்கும் குறை உண்டு. டேட்டா பிளாக் சிதறறத இன்டெக்ஸ் தடுக்காது, எங்க இருக்குன்னு சீக்கிரம் சொல்லும், அவ்ளோதான், வரிசையா படிக்கும்போது ஹார்ட்டிஸ்க் ஹெட் ஓடத்தான் செய்யும். பெரிய ஃபைலை அழிக்கும்போது ஒவ்வொரு இன்டெக்ஸ் பிளாக்கையும் படிச்சு ஒவ்வொரு நம்பரையும் விடுவிக்கணும், ஈஎக்ஸ்டி 3-ல பல ஜிபி ஃபைலுக்கு `rm` அடிச்சுட்டு காத்திருந்தவங்களுக்கு அது தெரியும். அப்புறம் பாருங்க, பிளாக் 9,000, 9,001, 9,002-ன்னு வரிசையாவே இருந்தாலும் ஒவ்வொரு நம்பரையும் தனித்தனியா எழுதி வச்சிருக்கும்.

அந்த கடைசி விஷயத்தை சரி பண்ணது தான் ஈஎக்ஸ்டி 4-ல வந்த எக்ஸ்டென்ட். "9,000-ல ஆரம்பிச்சு 32,768 பிளாக்"னு ஒரே வரியில எழுதிடும், அது 128 எம்பி. நம்ம 1 ஜிபி ஃபைல் வரிசையா கிடைச்சா எட்டே எட்டு எக்ஸ்டென்ட்ல முடிஞ்சுது, 257 இன்டெக்ஸ் பிளாக்குக்கு பதிலா ஒண்ணே ஒண்ணு. கவனிச்சீங்கன்னா இது இன்டெக்ஸ்டுக்குள்ள கன்டிகுவஸை கொண்டு வந்து வச்சதுதான். இதே மாதிரி லிங்க்ட் பக்கமும் நடந்துச்சு. 2006-ல வந்த எக்ஸ்ஃபேட்ல, ஃபைல் முழுக்க வரிசையா இருந்தா டைரக்டரி என்ட்ரில ஒரு ஃபிளாக் போட்டுடும், அப்ப டேபிளை பார்க்கவே வேண்டாம், ஆரம்பம் கூட எத்தனாவது கிளஸ்டர்ங்கறத கூட்டினா போதும், எது காலின்னு தெரிஞ்சுக்க தனியா ஒரு பிட்மேப் இருக்கு. எப்ப அந்த வரிசை உடையுதோ அப்ப தான் அந்த ஃபைலுக்கு சங்கிலி எழுதப்படும். ரெண்டு பக்கமும் இருந்தவங்க கன்டிகுவஸை நோக்கி தான் நகர்ந்திருக்காங்க, ஆனா அது கிடைக்கலன்னா உடைஞ்சு போகாம இருக்கவும் ஒரு வழி வச்சுக்கிட்டாங்க. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்துல தெரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான பாடம் இதுதான்.

சரி, இப்ப முடிவு எடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். மைக்ரோகன்ட்ரோலர், எஸ்டி கார்டு, ஒரு வைப்ரேஷன் சென்சார். செகண்டுக்கு 1,000 சாம்பிள், ஒரு சாம்பிள் 16 பைட், ஆக செகண்டுக்கு 16,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. கார்டு 32 ஜிபி, ஃபேட் 32, கிளஸ்டர் 32 கேபி. கார்டை கழட்டி எந்த லேப்டாப்ல போட்டாலும் திறக்கணும், அதனால ஃபேட்டை விட்டு வெளிய போக முடியாது. ஈஎக்ஸ்டி 4-ஐ அந்த சின்ன சிப்ல ஓட்டறதும் நடைமுறைல சரிவராது.

வழக்கமான மாதிரி ஃபைலை திறந்து எழுதிட்டே போனா, முதல்ல நல்லா ஓடும், கார்டு நிரம்ப நிரம்ப திடீர் திடீர்னு சாம்பிள் விட்டுப்போகும். காரணம் ஒவ்வொரு புது கிளஸ்டருக்கும் டேபிள்ல காலி என்ட்ரி தேடணும். இந்த கார்டுல கிட்டத்தட்ட 10 லட்சம் கிளஸ்டர், டேபிள் 4 எம்பி, 512 பைட் செக்டாரா பார்த்தா 8,192 செக்டார். ஒரு செக்டாருக்கு 1 மில்லி செகண்ட்னு வச்சாலும், காலி இடம் டேபிளோட அந்த கோடில இருந்தா ஃபைல்ல எழுதற ஃபங்ஷனான `f_write` ஒரே ஒரு தடவ கூப்பிட்டதுக்கே 8 செகண்ட் நிக்கும். அந்த நேரத்துல 1,28,000 பைட் டேட்டா வந்து குவியும், அதை வச்சுக்க அவ்ளோ ரேம் பல சிப்ல இல்ல. இதை கண்டுபிடிக்க ஈசியான வழி, ஒவ்வொரு `f_write` எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்து, அதுல பெரியதை மட்டும் குறிச்சு வைங்க, சராசரிய பார்த்தா ஒண்ணும் தெரியாது, எல்லாம் நல்லா இருக்கற மாதிரி தான் காட்டும்.

இங்க நம்மகிட்ட ஒரு சாதகம் இருக்கு: ஒரு மணி நேர ஃபைலோட சைஸ் முன்னாடியே தெரியும். அதாவது கன்டிகுவஸ் கேக்கற கேள்விக்கு பதில் இருக்கு. ஃபேட்எஃப்எஸ் லைப்ரரில `FF_USE_EXPAND`-ஐ 1 ஆக்கிட்டு இப்படி பண்ணலாம்:

```c
f_open(&fp, "LOG14.BIN", FA_WRITE | FA_CREATE_ALWAYS);
r = f_expand(&fp, 57600000, 1);
if (r == FR_DENIED) {
    /* வரிசையா இடம் கிடைக்கல */
} else {
    f_sync(&fp); /* சைஸை டைரக்டரில எழுதிடு */
}
```

தேடல், 1,758 கிளஸ்டருக்கான சங்கிலி எழுதறது எல்லாம் இந்த ஒரு கால்லயே முடிஞ்சுடும், அதுக்கு அப்புறம் எழுதும்போது காலி இடம் தேடற வேலையே இல்ல. அடுத்த மணி நேரத்துக்கான ஃபைலை முன்னாடியே திறந்து இதை பண்ணி வச்சுக்கணும், அதுவும் ரெக்கார்டிங்க தடுக்காத மாதிரி, அதுக்கு எளிய வழி ரெக்கார்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அன்னைக்கு வேண்டிய 24 ஃபைலையும் உருவாக்கிடறது. ஃபைல் காலியா இருக்கும்போது தான் `f_expand` வேலை செய்யும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டு விஷயம் இதோட சேர்ந்தே வரும். ஒண்ணு, இந்த ஃபைலோட சைஸ் முதல் நிமிஷத்துல இருந்தே 57.6 எம்பின்னு காட்டும், நடுவுல கரன்ட் போச்சுன்னா பின்பகுதில கார்டுல ஏற்கனவே இருந்த பழைய டேட்டா அப்படியே கிடக்கும், அது பழைய லாக் ஃபைலோடதா இருந்தா பார்க்க உண்மையான சாம்பிள் மாதிரியே இருக்கும், ரொம்ப ஆபத்து. அதனால ஒவ்வொரு 512 பைட்டுக்கும் தலைப்புல ஏறுமுகமான ஒரு சீக்வென்ஸ் நம்பரும், அந்த ரெக்கார்டிங்குக்குன்னு ஒரு தனி ஐடியும் போடுங்க, படிக்கும்போது ஐடி மாறினா அதோட நிறுத்திடலாம், அந்த தலைப்புக்கு ஆகற இடத்தையும் `f_expand`-க்கு குடுக்கற சைஸ்ல சேத்துக்கோங்க. ஒழுங்கா முடிஞ்ச ஃபைல்னா, எழுதி முடிச்ச இடத்துலயே `f_truncate` பண்ணி மிச்சத்தை வெட்டிடலாம். லினக்ஸ்ல இதே மாதிரி முன்கூட்டியே இடம் ஒதுக்கற `fallocate` பண்ணா இந்த கவலை இல்ல, ஈஎக்ஸ்டி 4 அந்த எக்ஸ்டென்டை இன்னும் எழுதப்படாததுன்னு குறிச்சு வச்சு, படிச்சா பூஜ்யம் தான் தரும்.

இன்னொண்ணு, `FR_DENIED` வந்தா என்ன பண்றது. கார்டுல வேற ஃபைலையும் போட்டு அழிச்சுட்டு இருந்தா 57.6 எம்பி வரிசையா கிடைக்காம போகலாம். அப்ப சைஸை பாதியாக்கி அரை மணி நேர ஃபைலா முயற்சி பண்ணுங்க, அதுவும் கிடைக்கலன்னா சாதாரண லிங்க்ட் முறையிலயே எழுதுங்க, ஆனா அப்படி எழுதின ஃபைலுக்கு பேர்ல ஒரு அடையாளம் வைங்க, எந்த ஃபைல்ல சாம்பிள் விட்டுப்போயிருக்க வாய்ப்பு இருக்குன்னு பின்னாடி பார்க்கறவங்களுக்கு தெரியணும். எனக்கு கேட்டா அந்த கார்டை லாகருக்கு மட்டும்னு ஒதுக்கி, ஒரே சைஸ் ஃபைல் மட்டுமே போட்டு, பழையதை அழிச்சா அதே சைஸ் ஓட்டை தான் வரும்ங்கற மாதிரி வச்சுக்கறது தான் நல்லது, அப்ப எக்ஸ்டர்னல் ஃபிராக்மென்டேஷன் தலை தூக்கவே வழி இல்ல. ஆனா இப்படி பண்றதா இருந்தா கடைசில `f_truncate` பண்ணாதீங்க, ஓட்டை சைஸ் மாறிடும், எங்க முடியுதுன்னு சீக்வென்ஸ் நம்பரே சொல்லிடும்.

இதே லாகரை ஒரு லினக்ஸ் போர்டுல கட்டறீங்கன்னா, கார்டை கழட்டவே போறதில்லன்னா, யோசிக்காம ஈஎக்ஸ்டி 4 போட்டு `fallocate` பண்ணிடுங்க. சைஸ் முன்னாடி தெரியாத ஃபைலா இருந்தாலும் அங்க பெருசா அடிவாங்காது. ஓட்டின ஒரு வாரம் கழிச்சு ஏதாவது ஒரு ஃபைல்ல `filefrag -v` அடிச்சு பாருங்க, 58 எம்பி ஃபைலுக்கு ஒண்ணு ரெண்டு எக்ஸ்டென்ட் வந்தா எல்லாம் சரி, நூத்துக்கணக்குல வந்தா டிஸ்க் ரொம்ப நிரம்பி இருக்கு இல்ல பல ஃபைலை ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா எழுதிட்டு இருக்கீங்க, அதுல எதுன்னு `df -h` பார்த்தா தெரிஞ்சுடும்.